நகரும் மணல் மேட்டை நிறுத்துவது: வேலிக்கு ஒரு கணக்கு, கன்றுக்கு வேறொரு கணக்கு

வெள்ளவத்தையில் குடியிருந்துகொண்டு கற்பிட்டிப் பக்கம் தென்னங்காணி வைத்திருப்பவர்கள் பலர். காணியின் தென்மேற்கு எல்லையில் வெறும் மணல் மேடு ஒன்று இருந்தால், ஒவ்வொரு சோழகத்துக்கும் அது கொஞ்சம் உள்ளே வரும். முதலில் வேலி புதையும், பிறகு கிணற்றுக்கட்டு, பிறகு இளந்தென்னை. அப்படி ஒரு மேட்டை அசையாமல் நிறுத்தும் முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். அலவாங்கு பிடிப்பது, கன்று வாங்குவது போன்றவை உங்களுக்குத் தெரிந்தவை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

நெருக்கமாக நட்டால் மணல் நிற்கும் என்று நினைத்துத்தான் பெரும்பாலானோர் தோற்றுப்போகிறார்கள். காற்றுக்கு நெருக்கம் வேண்டும், மண்ணின் ஈரத்துக்கு இடைவெளி வேண்டும். இரண்டையும் கன்றுகளின் தலையில் கட்ட முடியாது. காற்றை வேலியிடம் விட்டுவிட்டால், கன்றுகளை ஈரம் தாங்கும் அளவுக்குத் தள்ளி நடலாம்.

முதலில் அனுமதி

கடலின் சராசரி உயர்நீர்க் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம். 1981ஆம் ஆண்டின் கரையோரம் பேணற் சட்டத்தின்படி, அதற்குள் வேலை செய்ய முதலில் அனுமதி கேட்க வேண்டும். பிரதேச செயலகத்தில் தொடங்குங்கள். மேட்டை வெட்டிச் சமப்படுத்தும் யோசனையே வேண்டாம். வெட்டிய இடம்தான் அடுத்த சோழகத்தில் முதலில் கிளம்பும்.

காற்றின் திசையைப் படிப்பது

மணலில் தெரியும் சின்ன அலைவரிகளைப் பார்த்துத் திசை முடிவு செய்யாதீர்கள். அவை நேற்றைய காற்றின் தடம். மேட்டின் செங்குத்தான பக்கத்தைப் பாருங்கள். மணல் சரிந்து, கால் வைத்தால் இறங்கும் அந்தப் பக்கம் ஏறக்குறைய 32 முதல் 34 பாகைச் சரிவில் நிற்கும். மேடு போய்க்கொண்டிருக்கும் பக்கம் அதுதான். அதற்கு எதிர்ப்பக்கமுள்ள சாய்ந்த முதுகில்தான் நம் வேலை முழுவதும்.

உலர்ந்த கடற்கரை மணல் மணிக்கு 20 முதல் 25 கிலோமீற்றர் காற்றிலேயே ஓடத் தொடங்கும். அதற்கு மேல் காற்று சற்றுக் கூடினாலும் ஓடும் மணல் பலமடங்காகும்: நொடிக்கு 8 மீற்றர் வேகம் 10 ஆனால், மணல் கிட்டத்தட்ட இரட்டிப்பு. அந்த மணலில் மிகப் பெரும் பங்கு தரையோடு ஒட்டி, முழங்காலுக்குக் கீழேதான் ஓடுகிறது. அதனால் ஒரு மீற்றர் உயர வேலியே போதும். ஆளுயரத்துக்குக் கட்டுவது காசைக் காற்றில் விடுவதுதான்.

வேலி: இடுக்கு விட்டுக் கட்டுங்கள்

எல்லோரும் சறுக்குவது இந்த இடத்தில். வேலி என்றதும் கிடுகை நெருக்கி அடைக்கிறார்கள். அடைத்த வேலியில் காற்று மோதி மேலே ஏறி, பின்பக்கம் சுழன்று விழும். அந்தச் சுழல் வேலியின் அடியைத் தோண்டும். இரண்டு வாரத்தில் கம்பங்களின் கால் வெளியே தெரியும், ஒரு பெருங்காற்றில் வரிசையோடு சாயும்.

நமக்கு வேண்டியது காற்றை மறிப்பதல்ல, அதன் வேகத்தைக் குறைப்பது. பாதி அடைப்பு, பாதி இடுக்கு. கற்பிட்டியில் இதற்குத் தென்னை மட்டையை விடச் சிறந்த பொருள் கிடையாது. மட்டையை நீளவாக்கில் பிளந்து 1.4 மீற்றர் துண்டுகளாக வெட்டி, 40 செ.மீ. மணலுக்குள் இறக்குங்கள். மட்டை நான்கு செ.மீ. அகலம் என்றால் இடுக்கும் நான்கு செ.மீ. ஒவ்வொரு முறையும் அளக்கத் தேவையில்லை: இன்னொரு மட்டையை இடையில் வைத்துப் பார்த்து, அடுத்ததை ஊன்றிவிட்டு, நடுவில் வைத்ததை எடுத்துவிடுங்கள். இரண்டு மீற்றருக்கு ஒரு கம்பம், 80 செ.மீ. ஆழத்தில். கம்பத்தோடு இரண்டு வரிச்சுத்தடி கட்டி, மட்டைகளைத் தும்புக்கயிற்றால் பிணைத்தால் போதும்.

புறக்கோட்டையில் விற்கும் பச்சை நிழல்வலையிலும் ஐம்பது வீத அடைப்பு உண்டு, வேலையும் சுலபம். ஆனால் வெயிலில் நைந்து மணலுக்குள் நாராகப் புதைந்துவிடும், பிறகு பொறுக்கி எடுக்க முடியாது. மட்டை மக்கி மண்ணோடு சேரும். நான் மட்டையின் பக்கம்தான்.

வேலிக்கு வேலி எத்தனை மீற்றர்?

சமதரையில் வேலி உயரத்தின் பத்து மடங்கு. காற்று நாட்கணக்கில் மணிக்கு 30 கிலோமீற்றருக்கு மேல் வீசும் இடமென்றால் ஏழு மடங்கு. சரிவில் விதி வேறு: கீழ்வேலியின் தலையும் மேல்வேலியின் காலும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். இதைப் பார்க்கத் தண்ணீர் நிரப்பிய தெளிவான குழாய் ஒன்றே போதும்.

ஒரு மேட்டை எடுத்துக்கொள்வோம். உயரம் 4 மீற்றர், காற்றுப்பக்க முதுகின் கிடைநீளம் 30 மீற்றர், அகலம் 40 மீற்றர். நான்கு மீற்றர் ஏற 30 மீற்றர் என்றால், ஒரு மீற்றர் ஏற 7.5 மீற்றர். ஒரு மீற்றர் வேலிக்கு அதுவே இடைவெளி. ஆனால் மேட்டின் மேற்பகுதியில் காற்று நெருங்கி வேகம் கூடுவதால், அங்கே 5 மீற்றராகக் குறைக்கிறேன். ஆக அடிவாரத்தில் ஒன்று, பிறகு 7.5, 15, 20, 25 மீற்றரில் ஒவ்வொன்று. ஐந்து வரிசை, மொத்தம் 200 மீற்றர். மீற்றருக்குப் பன்னிரண்டரை மட்டை வீதம் 2,500 துண்டு, வரிசைக்கு 21 வீதம் 105 கம்பம்.

அடிவார வேலியை முதலில் கட்டுங்கள். மேலிருந்து தொடங்கினால், கீழே திறந்து கிடக்கும் மணல் வந்து மேல்வேலியை மூடிவிடும்.

உச்சியில் வேலி வேண்டாம். அங்கே வைக்கோலையோ தென்னங்கீற்றையோ ஒரு மீற்றருக்கு ஒரு மீற்றர் சதுரங்களாக மணலில் அழுத்தி, 15 முதல் 20 செ.மீ. வெளியே நிற்க விடுங்கள். சீனாவின் சபோதோவில் பாலைவனத்தின் ஊடே போகும் ரயில் பாதையை 1950களிலிருந்து இப்படித்தான் காத்தார்கள். ஆண்டுக்கு 200 மில்லிமீற்றர் மழைகூட இல்லாத இடம் அது. முதலில் அடர்த்தியாக வளர்ந்த புதர்கள் ஆழத்து ஈரத்தைக் குடித்துத் தீர்த்த பிறகு அங்கே தாமாகவே மெலிந்துபோயின. நம் கன்றுகளுக்கும் அதே கணக்குத்தான்.

ஒரு சோழகம் பொறுங்கள்

வேலியைப் பங்குனி, சித்திரையில் முடித்துவிடுங்கள். வைகாசி முதல் புரட்டாதி வரை காற்று வேலை செய்யட்டும். காற்றுக்கு முன் நட்டால் கன்று மணலில் புதையும், அல்லது வேர் வெளியே வரும்.

ஒரு மாதக் காற்றுக்குப் பிறகு போய்ப் பாருங்கள். இரு வேலிகளுக்கு நடுவில் மணல் குடைந்து, பெருமணலும் சிப்பித்தூளும் மட்டும் மிஞ்சிக் கிடந்தால் இடைவெளி அதிகம். அந்த இடத்தில் ஒரு வரிசை கூட்டுங்கள். காற்றுப்பக்கம் மணல் குவிந்து, பின்பக்க அடியில் குழி விழுந்தால் இடுக்கு போதாது. நாலுக்கு ஒரு மட்டையை உருவிவிடுங்கள். அலைவரிகள் வேலியைத் தாண்டியும் அப்படியே தொடர்ந்தால் இடுக்கு மிகுதி. வேலி மூன்றில் இரண்டு பங்கு புதைந்தால் அதே கோட்டில் புதிய மட்டைகளை ஊன்ற வேண்டும்.

ஈரத்தை அளந்து கன்றின் இடைவெளி

புரட்டாதிக் கடைசியில், மழைக்கு முன், ஆண்டிலேயே மண் மிகவும் காய்ந்திருக்கும் நேரத்தில் அடிவாரம், நடு, உச்சி என மூன்று குழி தோண்டுங்கள். மணல் நிறம் கறுத்து, கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கும் ஆழத்தைக் குறியுங்கள். அங்கிருந்து எடுத்த மணலைச் சமையலறைத் தராசில் நிறுத்து, தாச்சியில் வறுத்து மறுபடி நிறுங்கள். உலர்ந்த பிறகு 100 கிராம் நிற்கும் மணல் முன்பு 103 கிராம் இருந்தால் ஈரம் 3 வீதம். மணலில் ஏறக்குறைய ஒன்றரை வீதத்துக்குக் கீழே போன ஈரத்தை வேர் இழுக்க முடியாது.

நம் மேட்டின் நடுவில் 50 செ.மீ. ஆழத்திலிருந்து 2 மீற்றர் வரை 3 வீத ஈரம் என்று வையுங்கள். ஒரு கனமீற்றர் மணல் சுமார் 1,600 கிலோ, அதில் தண்ணீர் 48 லீற்றர், வேருக்குக் கிடைப்பது அதில் பாதி, 24. இரண்டுக்கு இரண்டு மீற்றரில் நட்டால் ஒரு மரத்துக்கு 6 கனமீற்றர், 144 லீற்றர். ஐந்து மாதக் கோடையில் நாளுக்கு ஒரு லீற்றர்கூட இல்லை. நாலுக்கு நாலில் நட்டால் 24 கனமீற்றர், 576 லீற்றர், நாளுக்கு ஏறக்குறைய நான்கு லீற்றர். நெருக்கி நட்ட சவுக்கு இரண்டாம் கோடையில் வரிசையாகச் சிவந்து காய்வதற்கு நோய் தேட வேண்டாம், காரணம் இந்தக் கணக்கில் இருக்கிறது.

30 செ.மீ.யிலேயே ஈரம் தட்டும் அடிவாரத்தில் இரண்டரை மீற்றர் போதும். ஒரு மீற்றர் தோண்டியும் ஈரம் தட்டாத உச்சியில் மரமே வேண்டாம். அங்கே இராவணன் மீசையும் அடம்பன் கொடியும் மட்டும், வைக்கோல் சதுரத்துக்கு ஒன்று. அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்பது இந்த இடத்தில் சொல்லுக்குச் சொல் உண்மை: கொடி கணுவுக்குக் கணு வேர்விட்டு மணலைத் தைக்கும். 50 செ.மீ. துண்டில் மூன்று கணுவாவது மணலுக்குள் போக வேண்டும்.

நடுகை

ஐப்பசி மழை மேல்மணலை நனைத்து, நனைவு கீழ் ஈரத்தோடு சேர்ந்த பிறகு நடுங்கள். குழி வெட்டுமுன் சுற்றிலும் ஒரு முழ அகலத்துக்கு உலர்ந்த மணலை வழித்துத் தள்ளுங்கள். இதைச் செய்யாவிட்டால் உலர்மணல் குழிக்குள் வழிந்து வேரைச் சுற்றி நிற்கும். அந்தப் படலத்தைத் தாண்டி ஈரம் வேருக்கு வராது. மேலே தண்ணீர் ஊற்றியும் கன்று வாடினால், பிடுங்கிப் பாருங்கள்: பையின் வடிவில் வேர் அப்படியே இருக்கும், சுற்றிலும் வெளுத்த மணல். ஈரமணலை மட்டும் இட்டு, காலால் நன்றாக மிதியுங்கள்.

சவுக்கானால் தண்டில் பாதி புதையும்படி இறக்குங்கள், அது தாங்கும். பழைய சவுக்கந்தோப்பின் அடிமண்ணில் ஒரு பிடி சேர்த்தால், வேர்முடிச்சுக்கு வேண்டிய நுண்ணுயிர் அதிலேயே வந்துவிடும். சவுக்கை மட்டும் நடவேண்டாம் என்பது என் கருத்து. அதன் சருகு அடியில் வேறெதையும் முளைக்க விடாது, மரம் வயதாகிச் சாய்ந்ததும் மணல் மறுபடி வெறுமையாகும். இடையிடையே தாழையும் மரமுந்திரிகையும் வையுங்கள். விரைவாக வளர்கிறதென்று சீமைக்கருவேலைக் கொண்டுவராதீர்கள். 1950களில் அம்பாந்தோட்டைப் பக்கம் வந்த அது, பூந்தலையில் ஈரநிலத்தையே அடைத்துவிட்டது.

பின்சேர்ப்பு

ஆடு, மாடு வந்தால் என்ன செய்வது என்று பலர் கேட்டிருந்தார்கள். முதல் இரண்டு ஆண்டுக்கு வெளிச்சுற்றில் முட்கம்பி தேவை. குளம்பு உடைத்த ஒரு பாதையிலிருந்தே மேடு வாய் பிளக்கும். நீங்களும் குறுக்கே நடக்க ஒரே பாதையை வைத்து, அதைக் காற்றுக்கு நேராக விடாமல் வளைத்துப் போடுங்கள். கொழும்பிலிருந்து ஆண்டுக்கு இரண்டு முறைதான் போக முடியும் என்றால், ஒன்று ஆனி நடுவில், வேலியைப் பார்க்க. மற்றது மாசியில், செத்த கன்றுக்கு மாற்று நட அல்ல, எந்த வரிசையில் செத்தது என்று குறித்துவர. அந்த வரிசையில் அடுத்த ஐப்பசிக்கு இடைவெளியைக் கூட்டுங்கள்.