கல்லா சரியாகத்தான் இருக்கும், காசுதான் போயிருக்கும்: எக்ஸெப்ஷன் ரிப்போர்ட்டில் கோட்டை விடும் இடங்கள்

ஆறேழு கவுன்ட்டர் உள்ள சூப்பர் மார்க்கெட்டில் இரவு கல்லா எண்ணும்போது ரூபாய் குறைந்தால்தான் முதலாளிக்குச் சந்தேகம் வரும். விஷயம் தெரிந்த கேஷியர் கல்லாவைக் குறைய விடமாட்டார். வாடிக்கையாளர் 640 ரூபாய் ரொக்கம் கொடுத்துவிட்டுப் போனதும் அந்த பில்லை கேன்சல் செய்தால், சிஸ்டம் எதிர்பார்க்கும் தொகை 640 குறைந்துவிடும். கல்லாவில் உபரியாக நிற்கும் 640-ஐ எடுத்துக்கொண்டால் கணக்கு பைசா சுத்தமாக டேலி ஆகும். அதனால் பார்க்க வேண்டியது கல்லா கணக்கை அல்ல. கேன்சல், ரிட்டர்ன், டிஸ்கவுன்ட் மூன்றையும் தனியாகப் பிரித்துக் காட்டும் எக்ஸெப்ஷன் ரிப்போர்ட்டைத்தான். பெரும்பாலான பில்லிங் சாஃப்ட்வேரில் அது ஏற்கெனவே இருக்கிறது. அதைப் படிக்கும் முறையில்தான் கோளாறு.

எண்ணிக்கையை மட்டும் பார்ப்பது

யார் அதிகம் கேன்சல் செய்தார் என்று வரிசைப்படுத்தி, மேலே இருப்பவரைக் கூப்பிட்டு விசாரிப்பதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. ஓர் உதாரணக் கணக்கு: ஒரு மாதத்தில் முதல் கேஷியர் 3,000 பில் போட்டு 42 கேன்சல் செய்திருக்கிறார், அதாவது ஆயிரத்துக்கு 14. இரண்டாமவர் 2,800 பில்லுக்கு 17 கேன்சல், ஆயிரத்துக்கு 6. பார்த்த மாத்திரத்தில் முதலாமவர்தான் குற்றவாளி போலத் தெரியும்.

ஒவ்வொரு கேன்சலுக்கும் பக்கத்தில், அதே கவுன்ட்டரில் அடுத்த ஐந்து நிமிடத்துக்குள் ஏறக்குறைய அதே பொருட்களோடு புது பில் விழுந்ததா என்று பாருங்கள். முதலாமவரின் 42-இல் 39-க்கு மறு பில் இருக்கிறது. யுபிஐ சிக்கிக்கொண்டு வாடிக்கையாளர் ரொக்கமாகக் கொடுத்திருப்பார், எடை போட்ட காய்கறிக்குத் தவறான கோடு நம்பர் அடித்திருப்பார், புது ஆளாக இருப்பார். இரண்டாமவரின் 17-இல் 11-க்கு மறு பில்லே இல்லை. அந்தப் பதினொன்றும் ரொக்க பில், பெரும்பாலும் இரவு ஒன்பது மணிக்கு மேல், பில் அச்சாகி நான்கு முதல் பன்னிரண்டு நிமிடம் கழித்து கேன்சல். பொருளை வேண்டாம் என்றவர் கவுன்ட்டரில் நிற்கும்போதே சொல்லிவிடுவார். வாடிக்கையாளர் வாசலைத் தாண்டிய பிறகு நடக்கும் கேன்சல்தான் கவனிக்க வேண்டியது.

அதனால் கேன்சல் ரிப்போர்ட்டில் நான்கு விவரம் கட்டாயம் வேண்டும்: பில் முடிந்த நேரம், கேன்சல் ஆன நேரம், பணம் வந்த வழி, மறு பில் எண். பில் முடிப்பதற்கு முன் ஒரு பொருளை நீக்குவதையும், அச்சான பில்லை ரத்து செய்வதையும் ஒரே தலைப்பில் கூட்டிக் காட்டும் ரிப்போர்ட் உதவாது. முன்னது தினமும் நூறு முறை நடக்கும். அந்தக் கூட்டத்தில் பின்னது மறைந்துவிடும்.

ரீஃபண்டை பில்லிங் சாஃப்ட்வேரில் மட்டும் தேடுவது

கார்டு மெஷின் பில்லிங்கோடு இணைக்கப்படாத கடைகளில் இதுதான் பெரிய ஓட்டை. சில மெஷின்களின் மெனுவிலேயே ரீஃபண்ட் இருக்கும். அதன் பாஸ்வேர்டு தெரிந்தவர் தன் கார்டைத் தட்டி 1,800 ரூபாயைத் தன் கணக்குக்கு அனுப்பினால், பில்லிங் சாஃப்ட்வேரில் ஒரு வரிகூடப் பதிவாகாது. மெஷின் கொடுத்த வங்கியோ நிறுவனமோ அனுப்பும் செட்டில்மென்ட் அறிக்கையில் மட்டும்தான் அது தெரியும். நிறைய கடைகளில் அதில் வங்கிக்கு வந்த நிகரத் தொகையை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். அன்றைய விற்பனையில் ரீஃபண்ட் கழிந்துதான் நிகரம் வரும் என்பதால், வித்தியாசத்தை மெஷின் கட்டணம் என்று நினைத்து விட்டுவிடுவதும் உண்டு.

செய்ய வேண்டியது எளிது. கடந்த ஆறு மாத செட்டில்மென்ட் அறிக்கையை எக்செலில் இறக்கி, விற்பனை வரிகளை `Sales` என்ற ஷீட்டிலும் ரீஃபண்ட் வரிகளை இன்னொன்றிலும் போடுங்கள். மறைத்துக் காட்டும் கார்டு எண் D நெடுவரிசையில் இருந்தால், ரீஃபண்ட் ஷீட்டில் இந்த ஃபார்முலா:

```
=COUNTIFS(Sales!D:D,D2)
```

0 வந்தால், அந்த ஆறு மாதத்தில் அந்தக் கார்டில் யாரும் வாங்கவே இல்லை, ஆனால் பணம் திரும்பப் போயிருக்கிறது. ஒரே கார்டு இரண்டு மூன்று தேதிகளில் 0 காட்டினால் அதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை. ஒரு முறை மட்டும் வந்தால் பொறுமை வேண்டும். கணவர் கார்டில் வாங்கியதை மனைவி தன் கார்டில் திரும்பப் பெற்றிருக்கலாம். அது விதிமீறல், திருட்டு அல்ல. கடைசி நான்கு இலக்கத்தை மட்டும் வைத்து ஒப்பிடாதீர்கள், வேறு வேறு கார்டுகளுக்கும் அது ஒன்றாக அமையும். முதல் ஆறும் கடைசி நான்கும் சேர்ந்து பொருந்த வேண்டும்.

ரொக்கத்தில் போடும் பொய் ரிட்டர்ன் வேறு இடத்தில் காட்டிக்கொடுக்கும். ரிட்டர்ன் பதிந்தால் சிஸ்டத்தில் இருப்பு கூடும், ரேக்கில் பொருள் இருக்காது. ஸ்டாக் எண்ணும்போது குறையும் பொருட்களின் பட்டியலை ரிட்டர்ன் பட்டியலோடு வைத்துப் பாருங்கள். நெய், பேபி ஃபுட் போன்ற விலை கூடிய சின்ன டப்பாக்கள் இரண்டிலும் வந்தால் அவற்றின் ரிட்டர்ன் பில்களை எடுங்கள். 500 ரூபாய்க்கு மேல் மேனேஜர் அனுமதி என்று வைத்திருந்தால், 450-க்கும் 499-க்கும் நடுவில் எத்தனை ரிட்டர்ன் குவிகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

டிஸ்கவுன்ட்டை மொத்தமாகக் கூட்டுவது

இதில் நடப்பது: 1,240 ரூபாய் என்று சொல்லி ரொக்கம் வாங்கியபின், பில்லை முடிப்பதற்கு முன் பத்து சதவீதம் கழித்து 1,116-க்கு முடித்து, பில்லைக் கொடுக்காமல் 124-ஐ எடுத்துக்கொள்வது. யுபிஐ, கார்டில் இது நடக்காது. அங்கே வாடிக்கையாளர் கட்டிய தொகைதான் பதிவாகும். ஆகவே ஒவ்வொரு கேஷியருக்கும் ரொக்க பில்லில் டிஸ்கவுன்ட் விழும் விகிதத்தையும், அவருடைய டிஜிட்டல் பில்லில் விழும் விகிதத்தையும் பக்கத்தில் வையுங்கள். நேர்மையான கேஷியருக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றாக இருக்கும். நூறு பில்லுக்கு ரொக்கத்தில் 9, டிஜிட்டலில் 2 என்றால் காரணம் கேட்க வேண்டும். சீனியர் சிட்டிசன் சலுகை மாதிரி ரொக்கக்காரர்களுக்கே அதிகம் போகும் ஸ்கீம் இருந்தால் அதை முதலில் நீக்கிவிட்டுக் கணக்கிடுங்கள். பாயின்ட் சேரும் மொபைல் எண்களையும் ஒரு கண் பாருங்கள். ஒரே எண் ஒரே நாளில் எட்டு பில்லில் வந்தால் அது வாடிக்கையாளர் எண்ணாக இருக்காது.

மேனேஜரின் பின் நம்பர் எல்லோருக்கும் தெரிவது

கூட்ட நேரத்தில் ஓடி வர முடியாமல் மேனேஜர் தன் பின்னைச் சொல்லிவிடுவார். பிறகு ரிப்போர்ட் முழுக்க அவர் பெயரே வரும், யாரையும் கேட்க முடியாது. அவர் வாராந்திர விடுப்பு எடுத்த நாட்களில் அவருடைய பின் பயன்பட்டதா என்று வருகைப் பதிவோடு ஒப்பிட்டால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அனுமதி கொடுப்பவருக்கே இந்த ரிப்போர்ட் போய்ச் சேர்வதும் இதே ரகம்தான். அக்கவுன்ட்ஸிலோ முதலாளி வீட்டிலோ வேறொருவர் பார்க்க வேண்டும்.

மாதக் கடைசியில் பார்ப்பது

ரிப்போர்ட் சந்தேகத்தைத்தான் தரும், யார் கை என்பதை கேமராதான் காட்டும். சின்னக் கடைகளின் டிவிஆரில் பதிவு பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் அழிந்து மேலே புதியது ஏறிவிடும். மாத ரிப்போர்ட்டில் மூன்றாம் தேதி கேன்சலைப் பிடித்து என்ன பயன்? வாரம் ஒரு முறையாவது எடுத்து, சந்தேகமான பில்களின் காட்சியை உடனே பென் டிரைவில் ஏற்றிவிட வேண்டும். அதற்கு முன் டிவிஆர் கடிகாரத்தையும் பில்லிங் கணினியின் கடிகாரத்தையும் ஒப்பிடுங்கள். ஏழு நிமிடம் வித்தியாசம் இருந்தால் அடுத்த வாடிக்கையாளரைப் பார்த்துவிட்டு, ‘கவுன்ட்டரில் ஆள் நிற்கிறாரே’ என்று சந்தேகத்தை விட்டுவிடுவீர்கள்.

குறைந்தது நான்கைந்து பில்லாவது காட்சியோடு பொருந்தும் வரை கேஷியரிடம் வாய் திறக்க வேண்டாம். ஒரே ஒரு பில்லைக் காட்டிக் கேட்டால் ‘கஸ்டமர் திரும்பி வந்தார் சார்’ என்பார், மறுநாளிலிருந்து முறையை மாற்றிக்கொள்வார். பில் எண், தேதி, நேரம் குறிப்பிட்டு எழுத்தில் விளக்கம் கேளுங்கள். அதற்கு முன்பே அவருடைய லாகினில் கேன்சல், ரீஃபண்ட் உரிமையை நிறுத்தி, கார்டு மெஷின் பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள்.