ஒரு வட்டி ஒன்றரை வட்டியைவிட அதிகமாவது எப்படி? குழுக் கடனில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சுய உதவிக் குழுக் கூட்டங்களில் கடன் பேச்சு வந்தால் யாரும் சதவீதத்தில் பேசுவதில்லை. ஒரு வட்டி, ஒன்றரை வட்டி, இரண்டு வட்டி என்றுதான் சொல்வார்கள். நூறு ரூபாய்க்கு மாதம் ஒரு ரூபாய் என்றால் ஒரு வட்டி, அதாவது ஆண்டுக்கு 12 சதவீதம். ஒன்றரை வட்டி என்றால் 18 சதவீதம். நான் கணக்கு எழுதிக் கொடுக்கும் ஒரு குழுவின் முன் இரண்டு கடன்கள் வந்து நின்றன. ஓரிடத்தில் ஒரு வட்டி, இன்னோர் இடத்தில் ஒன்றரை வட்டி. பத்துப் பேருக்கு ஆளுக்கு 24,000 ரூபாய், 24 மாதத் தவணை, இரண்டிலும் இதில் மாற்றமில்லை. ஐந்து நிமிடத்தில் ஒரு வட்டிக்குக் கை தூக்கித் தீர்மானப் புத்தகத்தில் எழுதப் போய்விட்டார்கள்.

ஒன்றரை வட்டிதான் மலிவு. எவ்வளவு என்று கேட்டால், ஆளுக்கு 1,260 ரூபாய்.

அங்கே நடந்த முதல் தவறு, வட்டி எத்தனை என்று கேட்டுவிட்டு எதன் மேல் வட்டி என்று கேட்காமல் விட்டது. ஒரு வட்டி என்று சொன்னவர் தந்தது பிளாட் வட்டி. வாங்கிய 24,000 ரூபாய்க்கும் கடைசி மாதம் வரை வட்டி போடுவார். மாதம் அசல் 1,000, வட்டி 240, ஆக 1,240. முதல் மாதம் இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, 24,000 ரூபாயும் உங்களிடம்தான் இருந்தது. பதின்மூன்றாம் மாதம் பாருங்கள். பாதி அசலைக் கட்டி முடித்துவிட்டீர்கள், கையில் இருப்பது 12,000, வட்டி மட்டும் அதே 240. அது இரண்டு வட்டி. கடைசி மாதம் பாக்கி இருப்பது வெறும் 1,000 ரூபாய், அதற்கும் 240. நூற்றுக்கு இருபத்து நான்கு ரூபாய் வட்டி என்று யாராவது நேரில் சொன்னால் எழுந்து போய்விடுவோம்.

ஒன்றரை வட்டிக்காரர் போட்டது குறையும் நிலுவைக் கணக்கு. மீதி அசலுக்கு மட்டும் வட்டி. முதல் மாதம் 24,000-க்கு 360 ரூபாய். 1,000 ரூபாய் அசல் குறைந்ததும் அடுத்த மாதம் 23,000-க்கு 345. இப்படி மாதம் 15 ரூபாயாக இறங்கிக் கடைசி மாதம் வட்டி 15 ரூபாயில் முடியும். 24 மாதத்துக்கும் கூட்டினால் 4,500 ரூபாய். பிளாட்டில் 240-ஐ 24 ஆல் பெருக்கினால் 5,760. பத்துப் பேருக்குச் சேர்த்துப் பார்த்தால் வித்தியாசம் 12,600 ரூபாய்.

இதைப் பலகையில் எழுதிக் காட்டிய பிறகும் ஒருவர் விடவில்லை. "அண்ணே, அங்க மாசம் 1,240 தான். இங்க எடுத்ததும் 1,360 கேக்குறாங்களே" என்றார். நியாயமான கேள்வி. தவறான முடிவுக்கு ஆளைத் தள்ளுவதும் பெரும்பாலும் இதே கேள்விதான். முதல் தவணையை மட்டும் வைத்துப் பார்த்தால் பிளாட் மலிவாகத் தெரியும். எட்டு மாதம் வரை குறையும் நிலுவைத் தவணை கூடுதலாகத்தான் இருக்கும். ஒன்பதாம் மாதம் இரண்டும் 1,240-இல் சந்திக்கும். அதன் பிறகு இது இறங்கிக்கொண்டே போய் 1,015-இல் முடியும், அது 1,240-இலேயே நிற்கும். முதல் சில மாதம் 120 ரூபாய் வரை கூடுதலாகக் கட்டுவது உண்மையிலேயே கஷ்டம் என்றால், குறையும் நிலுவையிலேயே சமத் தவணை கேட்கலாம். அதே ஒன்றரை வட்டிக்கு மாதம் சுமார் 1,198 ரூபாய் வரும், மொத்த வட்டி சுமார் 4,756. அப்போதும் முதல் மாதத்திலிருந்தே பிளாட்டைவிடக் குறைவுதான்.

சரி, அந்த ஒரு வட்டியின் உண்மையான விகிதம் என்ன? காகிதத்திலேயே ஏறக்குறையப் பார்த்துவிடலாம். முதல் மாதம் உங்களிடம் இருப்பது 24,000, கடைசி மாதம் 1,000. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 12,500. அதாவது இரண்டு ஆண்டும் சராசரியாக உங்கள் கையில் புழங்கிய கடன் அவ்வளவுதான். ஆண்டுக்கு நீங்கள் கட்டும் வட்டி 2,880. அதை 12,500-ஆல் வகுத்தால் 23 சதவீதம். வட்டிக் கணக்கை முறையாகப் போட்டால் 21.57 வரும். ஆக, இந்தக் குறுக்குவழி ஒன்றரைப் புள்ளி போலக் கூடுதலாகக் காட்டும். கூட்டத்தில் உட்கார்ந்து முடிவெடுக்க அது போதும். பன்னிரண்டு மாதக் கடன் என்றாலும் பெரிய மாற்றமில்லை, 12 சதவீத பிளாட் உண்மையில் 21.46 ஆகும். மாதத் தவணைக் கடனில் பிளாட் என்று கேட்டதும் கிட்டத்தட்ட இரட்டிப்பு என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரியான எண் வேண்டுமென்றால் போனில் உள்ள விரிதாளில் ஒரு வரி போதும். மாதங்கள், தவணை, கைக்கு வந்த தொகை என்ற வரிசையில் கொடுக்க வேண்டும். தவணைக்கு முன் கழித்தல் குறி மறக்கக் கூடாது.

```
=RATE(24,-1240,24000)*12
```

கைக்கு வந்த தொகை என்று எழுதினேன். அடுத்த தவறு அங்கேதான் நடக்கிறது. பத்திரத்தில் 24,000 இருக்கும், கைக்கு 24,000 வராது. பரிசீலனைக் கட்டணம், காப்பீடு என்று பிடித்தது போக மீதியைத் தருவார்கள். 600 ரூபாய் பிடித்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். சிறு தொகைதானே என்று யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. மேலே உள்ள வரியில் 24000 இருக்கும் இடத்தில் 23400 என்று மாற்றிப் பாருங்கள், 21.57 இருந்தது 24.24 ஆகிவிடும். 12 என்று சொல்லித் தொடங்கிய கடன் இது. குறையும் நிலுவைக் கடனிலும் இப்படிப் பிடித்தம் இருக்கலாம் என்பதால் இரண்டு பக்கமும் இதே கணக்கைப் போட்டுத்தான் ஒப்பிட வேண்டும்.

இந்தக் கணக்கை நீங்களே போட வேண்டும் என்று கட்டாயமும் இல்லை. ரிசர்வ் வங்கியின் 2022 விதிகளின்படி, நுண்கடன் தருபவர் கட்டணங்களையும் சேர்த்த ஆண்டுச் செலவு விகிதத்தை ஒரு எளிய விவரத் தாளில் எழுதித் தர வேண்டும். 2024 அக்டோபர் 1 முதல் மற்ற சில்லறைக் கடன்களுக்கும் கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் முக்கிய விவர அறிக்கை தர வேண்டும். கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு விகிதம் ஏபிஆர் என்ற பெயரில் அதில் இருக்கும். கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்தத் தாளைக் கேட்டு வாங்கி, இரண்டு இடத்து ஏபிஆரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வாயால் சொல்லும் வட்டியை விட்டுவிடலாம். இன்னொன்று, "எங்களுடையது நிலையான வட்டி" என்ற பதிலோடு திருப்தி அடைய வேண்டாம். நிலையான வட்டி என்றால் விகிதம் நடுவில் மாறாது என்று பொருள். அது பிளாட்டாகவும் இருக்கலாம், குறையும் நிலுவையாகவும் இருக்கலாம்.

கடனைப் பாதியில் அடைக்கும்போது பிளாட் மறுபடி ஒரு அடி கொடுக்கும். பன்னிரண்டு தவணை கட்டியாயிற்று, கையில் பணம் இருக்கிறது, முடித்துவிடலாம் என்று போகிறீர்கள். குறையும் நிலுவையில் சம அசல் கட்டியிருந்தால் மீதி 12,000-ஐக் கட்டிவிட்டு வந்துவிடலாம். பிளாட்டில் "மீதி 12 தவணை, 14,880" என்று சொன்னால், இன்னும் வராத ஒரு வருடத்துக்கான வட்டி 2,880 ரூபாயையும் சேர்த்துக் கேட்கிறார்கள் என்று அர்த்தம். நுண்கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதம் வாங்கக் கூடாது என்று அதே 2022 விதி சொல்கிறது. ஆனால் இப்படிக் கணக்குப் போட்டால் அபராதம் என்ற சொல்லே தேவைப்படாது. அசலை மட்டும் வாங்கிக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். "12 மாதத்தில் அடைத்தால் எவ்வளவு கட்ட வேண்டும்?" என்று கடன் வாங்கும் நாளிலேயே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

இதுவரை வெளியாளைப் பற்றிச் சொன்னேன். குழு தன் உறுப்பினருக்கே இதைச் செய்வதையும் பார்த்திருக்கிறேன். கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது, கணக்கு எழுத எளிது என்பதுதான் காரணம். எல்லாருக்கும் ஒரே தவணை, பேரேட்டில் ஒரே எண். ஒரு குழு 2,40,000 ரூபாயை வங்கியில் 10 சதவீதக் குறையும் நிலுவையில் வாங்கி, பத்து உறுப்பினருக்கு ஒரு வட்டி பிளாட்டில் பிரித்துக் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வங்கிக்குப் பத்து, நமக்குப் பன்னிரண்டு, இரண்டு சதவீதம் குழுவுக்கு நிற்கும் என்று தீர்மானம் எழுதுவார்கள். சம அசலாகக் கட்டினால் இரண்டு ஆண்டில் வங்கிக்குப் போகும் வட்டி 25,000. உறுப்பினர்களிடம் வசூலாவது 57,600. நிற்பது 32,600. உண்மையிலேயே இரண்டு சதவீதம்தான் வைத்திருந்தால் 5,000 நின்றிருக்கும்.

பணம் குழுவுக்குள்தானே இருக்கிறது, யாருக்கு நஷ்டம் என்று கேட்பார்கள். குழுவில் பன்னிரண்டு பேர் இருந்து கடன் வாங்கியது பத்துப் பேர் என்றால், அந்த 32,600-ஐச் சமமாகப் பிரிக்கும்போது ஆளுக்குச் சுமார் 2,717 வரும். கடனே வாங்காத இருவருக்கும் அதே தொகை. கடன் வாங்கியவர்கள் ஆளுக்கு 5,760 வட்டி கட்டி அதில் ஒரு பங்கைத் திரும்பப் பெறுகிறார்கள். பெரும்பாலும் அவர்கள்தான் குழுவில் அதிகக் கஷ்டத்தில் இருப்பவர்கள். குழு நிதி வளர வேண்டும் என்று எல்லாரும் தெரிந்தே முடிவெடுத்தால் அது அவர்கள் இஷ்டம். இரண்டு சதவீதம் என்று நினைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டிருந்தால், அந்தத் தீர்மானத்தை அடுத்த கூட்டத்தில் திரும்பப் பேச வேண்டும்.

பேரேட்டு வேலை அதிகமாகும் என்ற பயமும் தேவையில்லை. ஒவ்வொரு உறுப்பினருக்கும் தேதி, தொடக்க நிலுவை, வட்டி, அசல், முடிவு நிலுவை என்று ஐந்து கட்டம். இந்த மாத முடிவு நிலுவைதான் அடுத்த மாதத் தொடக்க நிலுவை, ஒன்றரை வட்டி என்றால் அதை ஒன்றரையால் பெருக்கி நூறால் வகுத்தால் அந்த மாத வட்டி. எங்கள் குழுவில் இப்போது எட்டாம் வகுப்பு படிக்கும் ஒரு பெண் தன் அம்மாவுக்காக அதை எழுதிக் கொடுக்கிறாள். பத்துப் பேர் கணக்கும் அரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது.