டிஸ்கிரிப்ஷன் அடிக்குறிப்பை அதன் இடத்தில் வைத்த கதை

என் சமையல் சேனலில் எந்த வீடியோவைத் தேடினாலும் தலைப்புக்குக் கீழே ஒரே இன்ஸ்டாகிராம் லிங்க்தான் தெரிந்தது, என்ன சமையல் என்பதே தெரியவில்லை. யூடியூப் டிஸ்கிரிப்ஷனின் முதல் ஓரிரு வரிகளைத்தான் வெளியே காட்டும், மீதியெல்லாம் `...more` அழுத்தினால்தான் வரும். ஒவ்வொரு புது வீடியோவுக்கும் தானாக வரும்படி `Upload defaults`-இல் சேமித்த அடிக்குறிப்பு, டிஸ்கிரிப்ஷன் பெட்டியின் உச்சியிலிருந்தே நிரம்பிவிடுவதால் சுருக்கம் அடியில் போய்விடுகிறது.

அதனால் அந்த டெம்ப்ளேட்டையே இப்படி மாற்றினேன்:

```
[சுருக்கம் 2 வரி]

[அளவுகள், 0:00 நேரக்குறிகள்]

-----
இன்ஸ்டாகிராம் | வாட்ஸ்அப் சேனல்
பொறுப்புத் துறப்பு
```

சதுர அடைப்பு கண்ணில் உறுத்தும், அதை நிரப்பாமல் வெளியிட மனம் வராது. சுருக்கத்தில் "வணக்கம் நண்பர்களே" வேண்டாம், "இட்லி அரிசி 4 பங்கு, உளுந்து 1 பங்கு, கிரைண்டர் மாவு" என்று நேராகவே தொடங்குகிறேன்.

ஒரு விதிவிலக்கு உண்டு. காசு வாங்கிப் பேசிய பொருளோ கமிஷன் லிங்க்கோ இருந்தால் அந்த அறிவிப்பைக் கோட்டுக்குக் கீழே வைக்கக் கூடாது, பார்ப்பவர் விரிக்காமலே அது தெரிய வேண்டும், எனவே சுருக்கத்தோடு சேர்த்தே எழுதுகிறேன்.

அப்புறம், டீஃபால்ட்டை மாற்றினால் பழைய வீடியோக்கள் மாறாது. யூடியூப் ஸ்டூடியோவில் அவற்றை மொத்தமாகத் தேர்வு செய்து டிஸ்கிரிப்ஷனைத் திருத்தலாம், ஆனால் சுருக்கத்தை மட்டும் ஒவ்வொன்றாகத்தான் எழுத வேண்டும், அதிகம் பார்க்கப்படுபவற்றிலிருந்து தொடங்குங்கள்.