நீளமான சங்கிலிதான் பிரதான சங்கிலி என்று யார் சொன்னது? பல தொழிற்பாட்டுக் கூட்டங்கள் உள்ள சேர்வைக்குப் பெயர் வைக்கும் முறை

வெள்ளவத்தையில் நான் எடுக்கும் சனிக்கிழமை வகுப்பில் போன கிழமை கீழே இருக்கும் கட்டமைப்பை வரைந்துவிட்டுப் பெயர் கேட்டேன்.

```
CH3-CO-CH2-CH-CH2-CH2-CH2-CH2-OH
           |
           COOH
```

அரைவாசிக்கு மேற்பட்டவர்கள் ஒரே விடையைத்தான் எழுதியிருந்தார்கள்: 4-காபொட்சி-8-ஐதரொட்சிஒக்டன்-2-ஓன். பார்க்க அழகாக இருக்கிறது, இலக்கங்களும் கட்டமைப்போடு சரியாகப் பொருந்துகின்றன, ஆனால் பெயர் பிழை. ஏன் என்று கேட்டதற்கு முன்வரிசைப் பிள்ளை ஒன்று, "மிஸ், நீளமான சங்கிலியைத்தானே எடுக்க வேணும்?" என்றது. அந்த ஒரு வசனம்தான் பிரச்சினை. அற்கேன்களைப் படிக்கும்போது மனதில் பதிந்த விதி அது, அங்கே சரியாகவும் வேலை செய்தது, ஏனென்றால் அற்கேனில் போட்டிக்கு வேறு எதுவும் இல்லை. இரண்டு மூன்று தொழிற்பாட்டுக் கூட்டங்கள் வந்து சேர்ந்ததும் நீளம் பின்வரிசைக்குப் போய்விடும். இதே கட்டமைப்பை வைத்துக்கொண்டு படிப்படியாகப் போவோம்.

முதல் படி: யார் தலைவர்?

சங்கிலியை எண்ணத் தொடங்க வேண்டாம். பென்சிலைக் கீழே வைத்துவிட்டு என்னென்ன கூட்டங்கள் இருக்கின்றன என்று மட்டும் பாருங்கள். இங்கே மூன்று: இடப்பக்கம் ஒரு கீற்றோன், வலப்பக்க முனையில் ஒரு அற்ககோல், நடுவிலிருந்து தொங்கும் COOH. ஒரு பெயரில் ஒரு வகைக் கூட்டத்துக்குத்தான் பின்னொட்டாக வரும் உரிமை உண்டு. மற்றவை எல்லாம் முன்னொட்டுகளாக முன்னால் போய் நிற்க வேண்டும்.

அந்த உரிமை யாருக்கு என்பதற்கு ஒரு வரிசை இருக்கிறது. உயர்தரத்துக்குத் தேவையான அளவில் சொன்னால், காபொட்சிலிக் அமிலம் முதலில், அதற்குப் பின் எசுத்தர், அமிலக் குளோரைட்டு, ஏமைட்டு, நைத்திரைல், அல்டிகைட்டு, கீற்றோன், அற்ககோல், கடைசியாக அமீன். ஒன்பதையும் ஒரே நாளில் பாடமாக்க வேண்டியதில்லை. அமிலம், அல்டிகைட்டு, கீற்றோன், அற்ககோல், அமீன் என்ற ஐந்தும் நாக்கில் வந்தால் பெரும்பாலான கணக்குகள் முடிந்துவிடும், மிச்சம் நாலையும் அமிலத்துக்கும் அல்டிகைட்டுக்கும் இடையில் செருகிக்கொள்ளலாம்.

இந்த வரிசையில் குளோரோ, புரோமோ, நைத்திரோ போன்றவை இல்லை என்பதைக் கவனியுங்கள். அவை எத்தனை இருந்தாலும் வெறும் முன்னொட்டுகள்தான். இரட்டைப் பிணைப்பும் மும்மைப் பிணைப்பும் வேறு கதை, பின்னால் வருகிறேன்.

நம்முடைய சேர்வையில் அமிலம்தான் தலைவர். ஆகவே பெயர் "ஓயிக் அமிலம்" என்று முடிய வேண்டும். மாணவர்களின் விடை "ஓன்" என்று முடிந்தது, அதாவது கீற்றோனைத் தலைவராக்கிவிட்டு அமிலத்தைக் காபொட்சி என்று முன்னொட்டாக இறக்கிவிட்டார்கள். பெயரின் கடைசி அசையைப் பார்த்தே பிழையைப் பிடித்துவிடலாம்.

இரண்டாம் படி: தலைவர் இருக்கும் சங்கிலிகளை மட்டும் எடுங்கள்

இப்போதுதான் எண்ண வேண்டும். பிரதான சங்கிலி COOH இன் காபனைக் கட்டாயம் உள்ளடக்க வேண்டும். அந்தக் காபனே சங்கிலியின் முதலாம் காபன்.

COOH இலிருந்து கிளம்பிக் கிளை பிரியும் CH வரை வாருங்கள், இரண்டு காபன். அங்கிருந்து இரண்டு வழி. இடப்பக்கம் போனால் CH2, CO, CH3 என்று மேலும் மூன்று, மொத்தம் ஐந்து. வலப்பக்கம் போனால் நான்கு CH2, மொத்தம் ஆறு. ஆறுதான் பெரிது, ஆகவே எக்சனொயிக் அமிலம்.

இடமிருந்து வலமாக நேராகப் போகும் எட்டுக் காபன் சங்கிலி கண்ணைப் பறிக்கும், தெரியும். ஆனால் அதில் COOH இன் காபன் இல்லை, ஆகவே அது போட்டியிலேயே இல்லை. நான் வகுப்பில் செய்வது இதுதான்: தலைவர் காபனைச் சுற்றி சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டுவிட்டு, அந்த வட்டத்துக்குள்ளிருந்துதான் விரலை நகர்த்தத் தொடங்க வேண்டும் என்பேன். வினாத்தாளில் அமிலத்தைக் கீழே தொங்கவிட்டு வரைவது சும்மா இல்லை, நேராக வரைந்த வரியே சங்கிலி என்று நம்மை நம்ப வைப்பதற்குத்தான்.

மூன்றாம் படி: இலக்கமிட்டு, மிச்சத்துக்குப் பெயர் வையுங்கள்

அமிலத்தின் காபன் 1, கிளை பிரியும் காபன் 2, OH தாங்கும் காபன் 6. அற்ககோல் இப்போது தலைவர் இல்லை, ஆகவே "ஓல்" என்று வர முடியாது, 6-ஐதரொட்சி ஆகிவிட்டது. இரண்டாம் காபனில் தொங்குவது CH2-CO-CH3. மூன்று காபன் கிளை, ஆகவே புரொப்பைல். கிளைக்கும் தனியாக இலக்கமிட வேண்டும், பிரதான சங்கிலியோடு ஒட்டும் காபனே அதன் 1. அப்போது C=O இருப்பது 2 இல். ஆகவே (2-ஒட்சோபுரொப்பைல்), அடைப்புக்குறியோடு.

முன்னொட்டுகளை ஆங்கில அகரவரிசைப்படி அடுக்க வேண்டும்: ஐதரொட்சிக்கு எச், ஒட்சோபுரொப்பைலுக்கு ஓ. எச் முதலில். ஆகவே முழுப்பெயர்:

6-ஐதரொட்சி-2-(2-ஒட்சோபுரொப்பைல்)எக்சனொயிக் அமிலம்

சரிபார்க்க ஒரு சின்ன வழி. பெயரில் இருக்கும் காபன்களைக் கூட்டுங்கள்: எக்ச என்பது 6, புரொப்பைல் 3, மொத்தம் 9. படத்தில் எண்ணினாலும் 9. ஒட்சிசன்: அமிலத்தில் 2, ஐதரொட்சியில் 1, ஒட்சோவில் 1, மொத்தம் 4. படத்திலும் 4. எண்ணிக்கை பொருந்தினால் மட்டும் பெயர் சரி என்று ஆகிவிடாது (மாணவர்களின் பிழையான பெயரிலும் 8 உம் 1 உம் சேர்ந்து 9 தான்), ஆனால் பொருந்தாவிட்டால் கட்டாயம் பிழை. இந்தக் கூட்டல் அதிகம் உதவுவது அல்டிகைட்டு விடயத்தில். OHC-CH2-CH2-CH2-COOH ஐ 5-ஒட்சோபென்டனொயிக் அமிலம் என்று எழுத வேண்டும், ஏனென்றால் CHO இன் காபனும் சங்கிலிக்குள்ளேயே இருக்கிறது. சிலர் 5-போமைல்பென்டனொயிக் அமிலம் என்று எழுதிவிடுவார்கள். போமைல் என்பது காபனையும் சேர்த்த பெயர், ஆகவே 5 உம் 1 உம் சேர்ந்து 6 காபன் ஆகிவிடும், படத்தில் 5 தான் உண்டு.

தலைவர் இரண்டு பேர் என்றால்

இது இன்னும் கொஞ்சம் விசித்திரமானது.

```
HO-CH2-CH-CH2-CH2-CH2-CH3
       |
       CH2-OH
```

ஒரு OH ஐ வைத்துக்கொண்டு ஆறு காபன் சங்கிலி எடுக்கலாம், 2-(ஐதரொட்சிமெதைல்)எக்சன்-1-ஓல் என்று வரும். ஆனால் தலைவர்கள் எத்தனை பேரைச் சங்கிலியில் சேர்க்க முடிகிறது என்பதை நீளத்துக்கு முன்னால் பார்க்க வேண்டும். இரண்டு OH ஐயும் சேர்த்தால் சங்கிலியில் மூன்று காபன்தான், இருந்தாலும் அதுவே பிரதானம்: 2-பியூற்றைல்புரொப்பேன்-1,3-டைஓல். கிளை சங்கிலியைவிட நீளமாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம், அப்படியும் வரும்.

தேசிக்காயில் இருக்கும் சித்திரிக்கு அமிலத்தில் இது உச்சத்துக்குப் போகிறது. அதில் மூன்று COOH, நடுக் காபனில் ஒரு OH. COOH கள் சங்கிலியின் முனையில்தான் நிற்க முடியும், முனையோ இரண்டுதான், மூன்றாவது வெளியே நிற்கும். மூன்று பேரையும் சமமாக நடத்துவதற்காகவே மூன்றையும் வெளியே எடுத்து 2-ஐதரொட்சிபுரொப்பேன்-1,2,3-திரைகாபொட்சிலிக் அமிலம் என்கிறோம். இந்தக் "காபொட்சிலிக் அமிலம்" என்ற முடிவை நம்முடைய முதல் உதாரணத்துக்குப் போடக்கூடாது. அங்கே ஒரே அமிலம், அது சங்கிலிக்குள் சௌகரியமாக அடங்குகிறது.

இரட்டைப் பிணைப்பும் ஒரு பழைய சண்டையும்

இரட்டைப் பிணைப்பு தலைவர் பதவிக்குப் போட்டியிடுவதில்லை. அது "ஈன்" என்று பெயரின் நடுவில் உட்கார்ந்துகொள்ளும், பின்னொட்டு வேறு ஆளுக்குப் போகும். இலக்கமிடும்போதும் தலைவருக்குத்தான் சிறிய இலக்கம். CH2=CH-CH2-CH(OH)-CH3 என்பது பென்ட்-4-ஈன்-2-ஓல், பென்ட்-1-ஈன்-4-ஓல் இல்லை.

சண்டை எங்கே என்றால், சங்கிலியைத் தெரிவு செய்யும்போது இரட்டைப் பிணைப்பைச் சேர்க்க வேண்டுமா, நீளத்தைப் பார்க்க வேண்டுமா என்பதில்.

```
HOOC-CH-CH2-CH2-CH2-CH3
     |
     CH=CH2
```

ஐயுபாக்கின் 1979 விதிப்படி இரட்டைப் பிணைப்பு முதலில், ஆகவே நாலு காபன் சங்கிலி, 2-பியூற்றைல்பியூட்-3-ஈனொயிக் அமிலம். 2013 பரிந்துரையில் இது மாறிவிட்டது: தலைவருக்குப் பின் நீளம், நீளம் சமமானால்தான் இரட்டைப் பிணைப்பு. அதன்படி 2-எதெனைல்எக்சனொயிக் அமிலம். கையில் இருக்கும் பழைய நோட்டுகளும் இணையத்தில் கிடைக்கும் விடைகளும் ஒன்றோடொன்று முரண்படுவதற்குக் காரணம் இதுதான், இரண்டும் அந்தந்த விதிப்படி சரியே. பரீட்சை எழுதுபவர்கள் உங்கள் பாடத்திட்டம் எந்த விதியைப் பின்பற்றுகிறது என்று ஆசிரியரிடம் முதலே கேட்டு, ஒன்றையே பிடித்துக்கொள்ளுங்கள். ஒரே விடைத்தாளில் இரண்டையும் கலந்தால் எந்தப் பக்கமும் புள்ளி வராது.

வளையம் வந்தால்?

கறுவாப்பட்டையை உடைத்ததும் வரும் வாசனைக்கு முக்கிய காரணமான சின்னமல்டிகைட்டை எடுப்போம்: C6H5-CH=CH-CHO. பென்சீன் வளையத்தில் ஆறு காபன், வெளியே இருக்கும் சங்கிலியில் மூன்றுதான். போன கிழமைப் பிழையையே திரும்பச் செய்பவர்கள் வளையத்தைப் பிடித்துக்கொள்வார்கள். ஆனால் CHO இருப்பது சங்கிலியில், ஆகவே சங்கிலிதான் பிரதானம், வளையம் பினைல் என்ற வெறும் கிளை. CHO காபன் 1, இரட்டைப் பிணைப்பு 2 இல் தொடங்குகிறது, வளையம் 3 இல்: 3-பினைல்புரொப்-2-ஈனல். அதே CHO நேரடியாக வளையத்தில் ஒட்டியிருந்தால் கதை தலைகீழ், அப்போது சேர்வையின் பெயர் பென்சல்டிகைட்டு.