பக்கவாத நோயாளியின் டிஸ்சார்ஜ் தாளில் "கவனமாக ஊட்டவும்" என்று எழுதாதீர்கள்

பக்கவாதம் வந்து தேறி வீடு திரும்பும் வயதானவர்களின் குடும்பத்தாருக்கு ஒரு தாள் எழுதிக் கொடுப்போம். வார்டில் அந்த வேலை பெரும்பாலும் புதிதாகச் சேர்ந்தவர்கள் தலையில்தான் விழும். நாங்கள் சேர்ந்த புதிதில் என்னென்ன எழுதி வாங்கிக் கட்டிக்கொண்டோமோ, அதே வரிகளை இவர்களும் எழுதுவதைப் பார்க்கும்போது சிரிப்பும் வருகிறது, எரிச்சலும் வருகிறது. சின்ன எழுத்து, டாக்டர்களின் சுருக்கெழுத்து, பக்கம் பக்கமாக அறிவுரை, இதையெல்லாம் யாரும் சொல்லாமலே திருத்திக்கொள்வீர்கள். அதை விட்டுவிடுகிறேன். பார்த்தால் தவறு மாதிரியே தெரியாத சிலவற்றைப் பற்றித்தான் பேச்சு.

விழுங்குவதை ஒரே வரியில் முடிப்பது

என்னை இன்னமும் கடுப்பேற்றுவது இதுதான். தாளில் இப்படி இருக்கும்: "கெட்டியான திரவங்களைக் கொடுக்கவும். உணவைக் கவனமாக ஊட்டவும்." படித்தால் சரியாகத்தான் தெரிகிறது. இந்த இரண்டு வரியை வைத்துக்கொண்டு வீட்டில் என்ன நடக்கும் என்று பாருங்கள்.

எழுபதைத் தாண்டிய ஒரு பெரியவர். இடது பக்கம் பலவீனம், பேச்சு கொஞ்சம் குழறல். விழுங்குவதைச் சோதித்துவிட்டு, தண்ணீர் மாதிரி எதையும் அப்படியே தரக்கூடாது, கெட்டியாக்கித்தான் தர வேண்டும் என்று ஸ்பீச் தெரபிஸ்ட் சொல்லியிருந்தார். தாளில் ஏறியது மேலே சொன்ன இரண்டு வரி மட்டும். வீட்டில் பார்த்துக்கொண்டவர் மருமகள். அப்படிப் பொறுப்பாகக் கவனித்த ஆளைப் பார்ப்பது அபூர்வம். ஜூஸையும் சூப்பையும் பொடி போட்டுக் கெட்டியாக்கிக் கொடுத்திருக்கிறார். தண்ணீரை மட்டும் அப்படியே, ஸ்பூன் ஸ்பூனாக, ரொம்ப நிதானமாகக் கொடுத்திருக்கிறார், ஏனென்றால் தண்ணீரை யாரும் உணவுக் கணக்கில் சேர்ப்பதில்லை. மாத்திரையையும் தண்ணீரோடுதான் கொடுத்திருக்கிறார். அதில் அவரைக் குறை சொல்ல வழியே இல்லை, அதே தாளின் மருந்துப் பகுதியில் "தண்ணீருடன் விழுங்கவும்" என்று நாமே அச்சடித்துக் கொடுத்திருந்தோம்! முதுகுக்கு இரண்டு தலையணை வைத்து, பாதி சாய்ந்த நிலையில் ஊட்டியிருக்கிறார்.

ஒரு வாரத்துக்குள் பெரியவர் திரும்ப வந்துவிட்டார். முதலில் சாப்பாட்டை ஒதுக்கியிருக்கிறார், பகலெல்லாம் தூங்கியிருக்கிறார், அப்புறம் மூச்சு வேகமாகியிருக்கிறது. காய்ச்சல் தெரிந்தது அதற்கும் மறுநாள். வலது நுரையீரலின் கீழ்ப்பகுதியில் நிமோனியா. பக்கவாதத்துக்காக இருந்ததைவிட அதிக நாள் படுக்கையில் கிடந்தார். மருமகள் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: "ஒரு தடவைகூட புரை ஏறலையே சிஸ்டர்."

அவர் சொன்னது பொய்யில்லை. நமக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் மூச்சுக்குழாய்ப் பக்கம் தவறிப் போனாலும் இருமித் தள்ளிவிடுவோம். பக்கவாதத்தில் சிலருக்குத் தொண்டையின் உணர்வே மங்கிவிடும். போனதே தெரியாது, இருமலும் வராது, சத்தமில்லாமல் நுரையீரலுக்குள் இறங்கிக்கொண்டிருக்கும். குடும்பமோ இருமலைத்தான் அடையாளமாக வைத்திருக்கும். இருமல் இல்லையென்றால் நன்றாக விழுங்குகிறார் என்று நினைப்பது இயல்பு. அது அப்படி இல்லை என்று தாள்தான் சொல்ல வேண்டும்.

கெட்டியாக்குவது ஏன் என்பதையும் ஒரு வரியில் எழுதுங்கள், காரணம் தெரிந்தால்தான் வீட்டில் விதிவிலக்கு வைக்க மாட்டார்கள். விழுங்கும்போது மூச்சுக்குழாயின் வாய் மூட வேண்டும். இவர்களுக்கு அது மூடத் தாமதமாகிறது. தண்ணீர் அதற்குள் ஓடிவிடுகிறது, கெட்டியானது மெதுவாக நகர்வதால் மூடுவதற்கு அவகாசம் கிடைக்கிறது. அவ்வளவுதான் விஷயம். ஐஸ் கட்டி, ஐஸ்கிரீம், ஜெல்லி எல்லாம் ஏன் ஆகாது என்பதும் இதிலேயே புரிந்துவிடும்: கையில் கெட்டியாக இருக்கிறது, வாய்க்குள் போனதும் தண்ணீர்.

அடுத்த கேள்வி, எவ்வளவு கெட்டி? "கெட்டியாக" என்று விட்டுவிட்டால் ஒருவர் களி மாதிரி கரைப்பார், இன்னொருவர் பெயருக்கு ஒரு சிட்டிகை போடுவார். ஐ.டி.டி.எஸ்.ஐ. என்று 0 முதல் 7 வரை எண் போட்ட ஓர் அளவுமுறை இருக்கிறது. 0 என்றால் வெறும் தண்ணீர். தெரபிஸ்ட் 2 என்று சொல்லியிருந்தால் வீட்டிலேயே சரிபார்க்க வழி உண்டு. ஊசி இல்லாத 10 மில்லி சிரிஞ்சின் நுனியை விரலால் அடைத்து, கலக்கியதை 10 வரை நிரப்பி, விரலை எடுத்து 10 விநாடி ஓட விட்டுத் திரும்ப அடைக்க வேண்டும். உள்ளே 4 முதல் 8 மில்லி மிச்சம் இருந்தால் 2. எட்டுக்கு மேல் நின்றால் அதைவிடக் கெட்டி, நாலுக்குக் கீழே போனால் போதாது. ஆனால் எல்லா சிரிஞ்சும் ஒரே நீளம் இல்லை. 0 முதல் 10 வரையுள்ள கோடு 61.5 மில்லிமீட்டர் இருக்கும் சிரிஞ்சில்தான் இந்தக் கணக்கு சரிவரும், அதனால் வார்டிலிருந்தே ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்புங்கள். பொடியின் அளவு ஒவ்வொரு தயாரிப்புக்கும் மாறும். டப்பாவைக் கொண்டுவரச் சொல்லி, அதைப் பார்த்து, ஒரு டம்ளருக்கு எத்தனை ஸ்பூன், கலக்கிவிட்டு எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும் என்று கையால் எழுதிக் கொடுங்கள்.

அந்தப் பெரியவருக்கு இரண்டாம் தடவை எழுதிய தாளில் இந்தப் பகுதி இப்படி இருந்தது:

> தண்ணி, டீ, ஜூஸ் எதுவா இருந்தாலும் பொடி கலக்காம குடுக்காதீங்க. ஒரு வாய் தண்ணின்னாலும் அப்படித்தான்.
>
> மாத்திரையைத் தண்ணியோட குடுக்காதீங்க. மசிச்ச சாப்பாட்டுல வச்சு ஒவ்வொண்ணா குடுங்க. சுத்தி வட்டம் போட்ட மாத்திரையைப் பொடி பண்ணாதீங்க.
>
> நாற்காலியில நேரா உக்கார வச்சுட்டு ஊட்டுங்க. சாப்பிட்டு அரை மணி நேரம் கழிச்சுத்தான் படுக்க வைக்கணும். தூக்கக் கலக்கமா இருந்தா ஊட்டவே வேண்டாம்.
>
> டீஸ்பூன்ல பாதி. முழுங்கிட்டாரான்னு பார்த்துட்டு அடுத்த வாய்.
>
> நடுநடுவுல "ஆ"ன்னு சொல்லச் சொல்லுங்க. குரல் ஈரமா, கொளகொளன்னு கேட்டா நிறுத்திட்டு எங்களைக் கூப்பிடுங்க.
>
> சாப்பிட்டு முடிச்சதும் இடது கன்னத்துக்குள்ள சாப்பாடு ஒதுங்கியிருக்கான்னு பாருங்க. விரலை உள்ள விடாதீங்க, மெல்லிசு பிரஷ் வச்சு எடுங்க. அப்புறம் பல், நாக்கு எல்லாம் சுத்தம் பண்ணிடுங்க.
>
> இருமலே இல்லாமலும் நெஞ்சுக்குள்ள போகும். வழக்கத்தைவிட ரொம்பத் தூங்கினா, மூச்சு வேகமா வாங்கினா, காய்ச்சல் இல்லேன்னாலும் உடனே கூட்டிட்டு வாங்க.

மாத்திரையைச் சுற்றி வட்டம் போடும் வேலையை மருந்தாளுநரிடம் கேட்டுச் செய்யுங்கள். மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரையை நசுக்கினால் நாள் முழுக்க இறங்க வேண்டிய மருந்து மொத்தமும் ஒரேயடியாக உள்ளே போய்விடும். வாய் சுத்தம் என்பதை அழகுக்காகச் சேர்த்ததாக நினைக்க வேண்டாம். எச்சில் எப்படியும் கொஞ்சம் தவறி இறங்கத்தான் செய்யும், அதோடு போகும் கிருமிதான் நிமோனியாவைக் கொண்டுவருகிறது.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. கெட்டியாக்கிய தண்ணீர் யாருக்கும் பிடிக்காது, வயதானவர்கள் வேண்டாம் என்று தலையாட்டிவிடுவார்கள், வீட்டிலும் வற்புறுத்த மனம் வராது. ஒரு நாளுக்கு இத்தனை டம்ளர் என்று டாக்டரிடம் கேட்டு எழுதுங்கள். சிறுநீர் குறைந்து அடர் மஞ்சளாகப் போனால் போன் செய்யச் சொல்லுங்கள்.

"புரிந்ததா?" என்று கேட்பது

புரிந்தது என்றுதான் சொல்வார்கள். "இன்னிக்கு ராத்திரி மாத்திரையை எப்படிக் குடுப்பீங்க, செஞ்சு காட்டுங்க" என்று கேளுங்கள். அந்த மருமகளிடம் முதல் தடவையே இப்படிக் கேட்டிருந்தால் டம்ளரை எடுத்தவுடனேயே தெரிந்திருக்கும். இன்னொன்று, யார் ஊட்டப்போகிறார்களோ அவரிடம் கேளுங்கள். பில் கட்ட வந்த மகனிடம் கேட்டுக் கையெழுத்து வாங்கி என்ன பயன்?

போகும் நாளின் நிலையை எழுதாமல் விடுவது

"கை கால் பலவீனமானால் உடனே வரவும்" என்று எழுதுகிறோம். ஏற்கெனவே பலவீனமாக இருக்கும் ஒருவரைப் பற்றி இதைப் படித்தால் வீட்டில் என்னதான் செய்வார்கள்? ஒன்று, தினம் பயப்படுவார்கள். இல்லையென்றால், இது பழையதுதான் என்று விட்டுவிடுவார்கள். வீட்டுக்குப் போகும் அன்று எப்படி இருக்கிறார் என்று நாலு வரி எழுதுங்கள்: இடது கையை மார்பு வரை தூக்குகிறார், வாய் இடது பக்கம் லேசாக இறங்கியிருக்கிறது, சின்னச் சின்ன வாக்கியம் பேசுகிறார், ஒருவர் பிடித்தால் நடக்கிறார். இதைவிடத் திடீரென்று மோசமானால், அல்லது வலது பக்கத்தில் புதிதாக ஏதாவது வந்தால், ஆம்புலன்ஸ்.

கூடவே இதையும் எழுதுங்கள்: "கடைசியா எத்தனை மணிக்கு நல்லா இருந்தாருன்னு குறிச்சுட்டு வாங்க." ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அந்தக் கணக்கு அவர் கடைசியாகச் சரியாக இருந்த நேரத்திலிருந்துதான் தொடங்கும், வீட்டில் கவனித்த நேரத்திலிருந்து இல்லை. இந்த ஊசி எல்லாருக்கும் போட முடியாது, சமீபத்தில்தான் ஸ்ட்ரோக் வந்தது என்றால் இன்னும் யோசிப்பார்கள். அதை டாக்டர் பார்த்துக்கொள்வார், நேரத்தைச் சொல்ல வேண்டியது வீட்டார். காலையில் எழுந்தபோதே வாய் கோணியிருந்தால், முந்தின இரவு படுக்கப்போன நேரத்தைச் சொல்ல வேண்டும்.

பழைய மாத்திரைகள்

வீட்டு அலமாரியில் பழைய ரத்த அழுத்த மாத்திரை இருக்கும். புதியதையும் அதையும் சேர்த்துக் கொடுப்பார்கள், பெரியவர் எழுந்து நிற்கும்போது தலைசுற்றி விழுவார். "புதியவை" என்று பட்டியல் போட்டால் போதாது, "இதை நிறுத்தியாச்சு" என்று தனிப்பட்டியல் வேண்டும். ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் சேர்த்து எழுதியிருந்தால், இரண்டும் எதுவரை என்று டாக்டரிடம் கேட்டுத் தேதி போடுங்கள். லேசான பக்கவாதத்தில் 21 நாளோடு ஒன்றை நிறுத்திவிடுவது வழக்கம். தேதி இல்லாத தாளை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் இரண்டையும் விழுங்கி, ரத்தக்கசிவோடு வருபவர்கள் இருக்கிறார்கள்.

தோள்

பலவீனமான கையைப் பிடித்து இழுத்துத் தூக்கக்கூடாது, அக்குளில் கைகொடுத்தும் தூக்கக்கூடாது. மூட்டு இறங்கிவிடும்.

போன் நம்பர்

ராத்திரி எடுக்கிற நம்பராக இருக்கட்டும்.

கெடு வைக்காமல் எழுதுவது

விழுங்கும் சிரமம் பலருக்குச் சில வாரங்களில் குறைந்துவிடும். ஆனால் தாள் சுவரில் ஒட்டியபடியே இருக்கும், மாதக்கணக்கில் பொடி கலந்துகொண்டே இருப்பார்கள். இல்லையென்றால் நடுவில் யாராவது, இப்போதுதான் நன்றாகப் பேசுகிறாரே என்று தாங்களாகவே நிறுத்திவிடுவார்கள். இரண்டும் வேண்டாம். தாளின் மேல் மூலையில், விழுங்குவதைத் திரும்பச் சோதிக்கும் தேதியையும் அறை எண்ணையும் பெரிதாக எழுதி, "அன்னிக்குச் சொல்ற வரைக்கும் இப்படியே செய்யுங்க, சொன்னதுக்கப்புறம் இந்தத் தாளைக் கிழிச்சுடுங்க" என்று போடுங்கள்.