53-இலிருந்து 27: விட்டுப்போன கணக்கைப் பிடிக்க ஒரு மாலை வகுப்பு

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மாடியில் ஆறு பிள்ளைகள் வருகிறார்கள். ஐந்தாம் வகுப்பிலிருந்து ஏழாம் வகுப்பு வரை. உடம்பு சரியில்லாமலோ வீட்டு நிலைமையாலோ எல்லோரும் பல மாதம் பள்ளிக்குப் போகாதவர்கள். வாரத்துக்கு நான்கு மாலை, முக்கால் மணி நேரம். கூட்டல் எல்லோருக்கும் வந்தது. கடன் வாங்கிக் கழிப்பதில்தான் எல்லோரும் நின்றுபோனார்கள், அதனால் அதை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் சோதனைக் கணக்கு

வகுப்பு வாரியாகப் பிரிக்காதீர்கள். பிள்ளை எங்கே தவறுகிறது என்று பார்த்துப் பிரியுங்கள். இதில்தான் நான் இரண்டு வாரத்தை வீணடித்தேன்.

நான் கொடுத்த கணக்கு 52 − 27. இரண்டு பேர் 35 என்று எழுதினார்கள். ஒரே விடை, ஒரே தவறு என்று நினைத்து இருவரையும் சேர்த்து உட்கார வைத்தேன். ஒருத்திக்குச் சட்டென்று புரிந்தது, மற்றவனுக்குக் கடைசிவரை ஏறவில்லை. ஒருநாள் "எப்படிப் போட்டே, வாயால சொல்லு" என்று கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. அவள் கடன் வாங்கி, 12-இலிருந்து 7 போக 5 என்று சரியாகவே போட்டிருக்கிறாள். பக்கத்து 5-ஐ 4 ஆக்க மட்டும் மறந்துவிட்டாள். அவன் கடனே வாங்கவில்லை. மேலே 2, கீழே 7, பெரியதிலிருந்து சிறியது போனால் 5 என்று போட்டுவிட்டான். இரண்டு வழியிலும் 35 வந்துவிடுகிறது!

ஒன்றாம் இடத்து இலக்கங்களின் வித்தியாசம் 5 ஆக இருந்தால் எப்போதும் இப்படித்தான் ஏமாற்றும். அதனால் 53 − 27 கொடுங்கள். சரியான விடை 26. 34 வந்தால் பிள்ளை சிறியதைப் பெரியதிலிருந்து கழிக்கிறது. 36 வந்தால் கடன் வாங்கிவிட்டுக் குறைக்க மறக்கிறது. 25 அல்லது 27 வந்தால் அநேகமாக விரல் விட்டு எண்ணும்போது ஒன்று தவறியிருக்கும், அந்தப் பிள்ளைக்குக் கடன் பாடமே வேண்டாம். 64 − 28-ஐயும் சேர்த்துக் கொடுத்தால் உறுதியாகத் தெரியும் (34, 36 போல இதில் 44, 46 வரும்).

பிறகு குச்சி

53 − 27-க்கு 36 எழுதுகிறவர்களுக்குப் பெரும்பாலும் ஒரு வாரம் போதும். மேலே அடித்து எழுதும் பழக்கம் வந்தால் சரி. கட்டம் போட்ட நோட்டு வாங்கிக் கொடுங்கள், இலக்கங்கள் இடம் மாறாது.

34 எழுதுகிறவர்களுக்கு நோட்டே வேண்டாம். தென்னந்துடைப்பத்து ஈர்க்குச்சியை விரல் நீளத்துக்கு நறுக்கி, பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போடுங்கள். ஐஸ் குச்சியும் வாங்கிப் பார்த்தேன், வழவழவென்று கட்டிலிருந்து நழுவுகிறது. மொபைல் கணக்கு விளையாட்டுகள் எனக்குப் பிடிக்காது. அதில் கட்டு தானாகப் பிரிந்துவிடும், பிள்ளையின் கை எதையும் பிரிப்பதில்லை.

ஐந்து கட்டும் மூன்று உதிரியும் வையுங்கள். "ஏழு எடு" என்று கேளுங்கள். மூன்றுதான் இருக்கும். ஒரு கட்டைப் பிரித்து, கழற்றிய ரப்பர் பேண்டை ஒரு மூடியில் போடச் சொல்லுங்கள். இப்போது நான்கு கட்டு, பதின்மூன்று உதிரி. ஏழு போனால் ஆறு, இரண்டு கட்டு போனால் இரண்டு. மூடியில் கிடக்கும் ரப்பர் பேண்டுதான் ஒரு கட்டு குறைந்ததற்குச் சாட்சி. மூன்று நாள் குச்சி மட்டும். அடுத்த இரண்டு நாள் குச்சியை நகர்த்தும்போதே நோட்டிலும் எழுதட்டும். அதன் பிறகுதான் வெறும் நோட்டு.

"கடன்" என்ற சொல்லையும் நான் விட்டுவிட்டேன். காசிமேட்டுப் பையன் ஒருவன், "கடன் வாங்கினா திருப்பித் தரணும்ல அக்கா, இதுல எப்போ தருவோம்?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. அம்மாவோடு மீன் விற்கும்போது, 27 ரூபாய்க்கு 50 கொடுத்தால் மூன்று, அப்புறம் இருபது என்று நொடியில் மீதி தருகிறவன் அவன். அதனால் "சில்லறை மாற்று" என்றேன். பத்து ரூபாய் நோட்டைக் கொடுத்தால் பத்து ஒரு ரூபாய் வரும், நோட்டு கையில் இருக்காது. அதற்கு மேல் அவன் கேட்கவில்லை.

பின்சேர்க்கை: நடுவில் பூஜ்யம் வந்தால் திணறுகிறார்கள் என்று இரண்டு பேர் எழுதியிருந்தீர்கள். 304 − 128-இல் பத்துகள் இடம் காலி, சில்லறை மாற்ற அங்கே ஒன்றும் இல்லை. பத்துக் கட்டுகளைச் சேர்த்து ஒரு பெரிய கட்டாகக் கட்டி வையுங்கள். அதைப் பிரித்தால் பத்துக் கட்டு, அதில் ஒன்றைப் பிரித்தால் பத்து உதிரி. கையில் இரண்டு பெரிய கட்டு, ஒன்பது கட்டு, பதினான்கு உதிரி. விடை 176. இரண்டு முறை பிரிக்க வேண்டும் என்பதைக் கையால் செய்தவர்கள் அந்த 9 எங்கிருந்து வந்தது என்று என்னிடம் கேட்பதில்லை. இதை இரண்டு இலக்கக் கழித்தல் தொடர்ந்து மூன்று நாள் சரியாக வந்த பிறகே தொடுங்கள். நான் அவசரப்பட்டு முதல் வாரமே கொடுத்ததில் ஒருத்தி 304-ஐ 34 என்று எழுதிக் கழித்துவிட்டாள்.