விளம்பர வீடியோ வெட்டித் தருபவருக்கு என்ன எழுதிக் கொடுப்பது?

“கலகலப்பாகச் செய்து தாங்கோ” என்றால் எடிட்டருக்கு ஒன்றும் விளங்காது. நேரக் கணக்கோடு எழுதுங்கள். கிளிநொச்சிப் புடவைக்கடை ஒன்றின் 30 செக்கன் பொங்கல் விளம்பரம் என்றால் இப்படி:

“முதல் 10 செக்கன் அமைதி. புல்லாங்குழல் மட்டும். சேலைக்கரையை விரல் தடவுவது போல மூன்றே காட்சி. அடுத்த 15 செக்கன் தவில் சேரட்டும், காட்சி செக்கனுக்கு ஒன்றாக மாறட்டும். கடைசி 5 செக்கன் இசை தணிந்து, கடைப்பெயரும் ‘கரடிப்போக்குச் சந்தி’யும் அசையாமல் நிற்கட்டும்.”

வெட்டத் தொடங்கும் முன்பே இசையை மட்டும் முடிவு செய்துவிடுங்கள். தாளத்தில்தான் காட்சிகளை வெட்டுவார்கள். பிறகு இசையை மாற்றினால் முழு வேலையும் திரும்ப வரும். சினிமாப் பாட்டு வேண்டாம். உரிமை இல்லாவிட்டால் பேஸ்புக்கில் சத்தத்தையே நிறுத்திவிடக்கூடும்.